சார்நிலைச் சட்டம்: அமைச்சகத்துக்கு எவ்வளவு தூரம் அதிகாரம்?

திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் எங்காவது சாலை அகலப்படுத்தும் வேலை நடந்தால், சவுடு மண் ஏற்றிய டிப்பர்கள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். அந்த மண்ணை எடுக்கச் சுற்றுச்சூழல் முன் அனுமதி வேண்டுமா, வேண்டாமா? நாடாளுமன்றம் 1986இல் இயற்றிய சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு நேரடி விடை கிடையாது. அந்தச் சட்டத்தின் கீழ் டெல்லியில் உள்ள சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிடும் அறிவிக்கையில்தான் விடை இருக்கிறது. இப்படி, சட்டமன்றமோ நாடாளுமன்றமோ கொடுத்த அதிகாரத்தைக் கொண்டு நிர்வாகம் எழுதும் விதிகள், ஒழுங்குமுறைகள், அறிவிக்கைகள் எல்லாம் சேர்ந்ததே ‘டெலிகேட்டட் லெஜிஸ்லேஷன்’.

‘டெலிகேட்’ என்பதன் வேர் லத்தீன். ஒரு பொறுப்பைக் கொடுத்து ஆளை அனுப்புவது என்பது மூலப்பொருள். தமிழில் ‘ஒப்படைக்கப்பட்ட சட்டமியற்றல்’ என்று சொல்லுக்குச் சொல் எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் நீளம். ‘சார்நிலைச் சட்டம்’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தனக்கென்று சொந்தக் கால் இல்லாமல் இன்னொரு சட்டத்தைச் சார்ந்து நிற்பது என்ற பொருள் அந்தப் பெயரிலேயே வந்துவிடுகிறது. அப்படிச் சார்ந்து நிற்க இடம் கொடுப்பது தாய்ச்சட்டம்.

நிலத்தைக் குத்தகைக்கு விட மட்டும் பவர் எழுதி வாங்கியவர் அதைக் கிரயம் செய்து கொடுத்தால் செல்லாது. அமைச்சகத்தின் நிலையும் இதுதான். விதி எழுதுபவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட அவையாக விவாதித்து அதை எழுதுவதில்லை. அவர்களுக்கு உள்ளதெல்லாம் தாய்ச்சட்டம் தந்த அதிகாரம் மட்டுமே. எவ்வளவு தந்தது, எந்த முறையில் பயன்படுத்தச் சொன்னது என்று நீதிமன்றம் பார்ப்பது அதனால்தான்.

சவுடு மண் விவகாரத்திலேயே இதைப் பார்க்கலாம். எந்தெந்தத் திட்டங்களுக்கு முன் அனுமதி வேண்டும் என்பதை 2006 செப்டம்பர் 14ஆம் தேதி அறிவிக்கை வகுத்தது. 2020 மார்ச் 28 அன்று, ஊரடங்கு தொடங்கிய சில நாள்களில், அமைச்சகம் அதைத் திருத்தியது. சாலை, குழாய்ப் பாதை போன்ற ‘நீள்வாக்கு’த் திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுப்பதை, முன் அனுமதி தேவையில்லாத வேலைகளின் பட்டியலில் 6ஆம் இனமாகச் சேர்த்தது. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வழியாக உச்ச நீதிமன்றம் போனது.

தாய்ச்சட்டத்தின் கீழ் எழுதப்பட்ட 1986ஆம் ஆண்டு விதிகளில் 5ஆம் விதி ஒரு நடைமுறையைச் சொல்கிறது. முதலில் வரைவை அரசிதழில் வெளியிட வேண்டும். ஆட்சேபம் சொல்ல மக்களுக்கு 60 நாள் தர வேண்டும். பொதுநலன் கருதி இந்த முன்னறிவிப்பைத் தவிர்க்கவும் அதே விதியில் இடமுண்டு. அமைச்சகம் பிடித்துக்கொண்டது இந்த வழியைத்தான். ஆனால் முன்னறிவிப்பைத் தவிர்க்கும் அளவுக்கு என்ன பொதுநலன் என்பதற்குக் காரணம் எதுவும் காட்டப்படவில்லை. நாடே அடைத்துக் கிடந்தபோது சாலை வேலைக்கு மண் எடுக்க என்ன அவசரம் என்ற கேள்வியும் எழுந்தது. சுரங்கச் சட்டத் திருத்தத்துக்கு ஏற்ப மாற்றியதாகச் சொன்ன விளக்கத்துக்கும் 6ஆம் இனத்துக்கும் தொடர்பில்லை.

உள்ளடக்கத்திலும் ஓட்டை இருந்தது. ‘நீள்வாக்குத் திட்டம்’ எது என்ற வரையறை இல்லை. எவ்வளவு மண், எந்தப் பரப்பில் என்ற அளவும் இல்லை. 2024 மார்ச் 21இல் உச்ச நீதிமன்றம் இந்த இனத்தை ரத்து செய்தது. 2023இல் திருத்தி எழுதிய வடிவமும் கூடவே போனது. அறிவிக்கையின் மற்ற இனங்களை நீதிமன்றம் தொடவில்லை. வழக்கில் கேள்வி அந்த ஒரு இனம் மட்டுமே.

இதை வைத்து, விதி என்றாலே நீதிமன்றம் அடித்துவிடும் என்று நினைக்கக் கூடாது. சார்நிலைச் சட்டம் செல்லும் என்றே முதலில் கொள்வார்கள். செல்லாது என்று காட்டும் பொறுப்பு வழக்குப் போட்டவருடையது. காவிரி, கொள்ளிடம் உள்பட மாநிலத்தில் மணல் அள்ளும் உரிமை அரசுக்கே என்று 2003இல் தமிழக அரசு கொண்டுவந்த 38-ஏ விதியை எதிர்த்துக் குத்தகைதாரர்கள் போனார்கள். 2006இல் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை அரசு எடுத்துக்கொண்டதை ஏற்றது. விதி ஒன்று தாய்ச்சட்டத்தின் கட்டாயப் பிரிவோடு நேராக மோதினால் முடிவு சொல்வது எளிது, அதன் நோக்கத்தோடு மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் நிதானமாகத்தான் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றங்களுக்கு வழி காட்டியதும் அந்தத் தீர்ப்புதான்.

அடுத்த முறை உங்கள் ஊர் மண்ணைப் பற்றி ஓர் அரசிதழ் அறிவிக்கை கையில் கிடைத்தால், நடுப்பகுதிக்குத் தாவாமல் முதல் பத்தியைப் படியுங்கள். ‘இன்ன சட்டத்தின் இன்ன பிரிவு வழங்கிய அதிகாரங்களைப் பயன்படுத்தி’ என்று தொடங்கும். அந்தப் பிரிவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு, வரைவு முன்பே வெளியானதா, இல்லையென்றால் ஏன் தவிர்த்தோம் என்று காரணம் எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள். வழக்கறிஞரும் முதலில் தேடுவது அதைத்தான்.