சப்பாத்தியை விட்டாச்சு, பெருங்காயத்தை?

கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைக் கெடுக்கும் சீலியாக் நோய் வடநாட்டுக்காரர்களுக்கு வருவது என்ற எண்ணம் வேலூர்ப் பக்கம் இன்னும் இருக்கிறது. அது முழுக்கத் தப்பும் இல்லை. 2016-இல் வெளியான ஓர் ஆய்வின்படி வட இந்தியாவில் ஏறக்குறைய நூறில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தது, தெற்கில் ஆயிரத்தில் ஒருவருக்கு. ஆனால் அந்த ஆயிரத்தில் ஒருவர் நம்மூர்க்காரராக இருக்கும்போது வேறொரு சிக்கல் வருகிறது. "நாங்க அரிசிச் சோறு தின்றவங்கதானே, கோதுமையை விடுறது என்ன பெரிய விஷயம்" என்று நினைத்துவிடுகிறார்கள்.

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். முப்பது வயதைத் தாண்டியவர். இரும்புச்சத்து மாத்திரை எவ்வளவு சாப்பிட்டும் ரத்தசோகை சரியாகவில்லை, அடிக்கடி வயிற்றுப்போக்கு. இந்த நோயில் ஏறும் டிடிஜி எதிர்ப்பொருளின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் சிறுகுடல் சதைப் பரிசோதனையும் செய்து சீலியாக் என்று உறுதி செய்திருந்தார்கள். சப்பாத்தி, பரோட்டா, பிரெட், பிஸ்கட், ரவை, சேமியா எல்லாவற்றையும் அன்றே நிறுத்தியவர். வயிற்றுப்போக்கு குறைந்தது. ஆனால் மாதங்கள் போயும் டிடிஜி அளவு பாதி தூரம் இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. இந்த அளவு இயல்புக்கு வர ஒரு வருடம்கூட ஆகலாம், அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இறங்கிக்கொண்டே வர வேண்டும். நின்றுவிட்டால் எங்கிருந்தோ குளூட்டன் உள்ளே போகிறது என்று பொருள். "இவ கோதுமையைத் தொடுறதே இல்லைங்க மேடம்" என்று கூட வந்த மாமியார் அடித்துச் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான்.

சமையலறையில் உள்ள ஒவ்வொரு பாக்கெட்டையும் போட்டோ எடுத்துவரச் சொன்னேன். பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது: கோதுமை மாவு.

நாம் கடையில் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். சுத்தமான பெருங்காயப் பிசின் நெடி தாங்க முடியாதது, விலையும் அதிகம். அதனால் கோந்தும் மாவும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. கட்டிப் பெருங்காயம் சுத்தமானது என்று பலரும் நம்புகிறார்கள். அதுவும் பெரும்பாலும் கூட்டுதான்.

ஒரு சிட்டிகையில் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. சாம்பாருக்கு அரை கிராம் பெருங்காயத்தூள் போடுகிறோம் என்றும், அதில் பாதி கோதுமை மாவு என்றும் வைத்துக்கொள்வோம். அதாவது 250 மில்லிகிராம் மாவு. மாவில் சுமார் 8 சதவீதம் குளூட்டன் என்றால் 20 மில்லிகிராம். நான்கு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு 5. ரசத்திலும் அதே அளவு போட்டால் மதியச் சாப்பாட்டிலேயே 10 மில்லிகிராம் ஆகிவிட்டது. சீலியாக் நோயாளிக்கு ஒரு நாளைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் மேல்வரம்பே 10 மில்லிகிராம்தான். இட்லிப் பொடி, அப்பளம், ஊறுகாய், மோர் இவற்றில் உள்ள பெருங்காயத்தை இன்னும் கூட்டவே இல்லை.

வழி இரண்டு. அரிசி மாவு சேர்த்த, குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பெருங்காயம் கிடைத்தால் வாங்கலாம். இல்லையா, பெருங்காயமே வேண்டாம். பூண்டும் சீரகமும் கொஞ்சம் கூடப் போட்டால் ரசம் ஒன்றும் கெட்டுப்போகாது. அந்த மாமியார் ஒத்துக்கொள்ளத்தான் கொஞ்ச நாள் ஆனது.

அடுத்தது மாவு மில். கேழ்வரகில் குளூட்டன் கிடையாது. ஆனால் நமக்கு முன்னால் ஒருவர் பத்து கிலோ கோதுமை அரைத்துவிட்டுப் போன மிஷினில் நம் கேழ்வரகைக் கொட்டினால், உள்ளே தங்கிய கோதுமை மாவு நம் பையில்தான் விழும். இந்த வீட்டில் அதுவும் நடந்திருந்தது. கேழ்வரகைக் கழுவிக் காயவைத்து மிக்சியில் அரைக்கலாம், அல்லது ஊறவைத்து இட்லிக்கு அரைக்கும் கிரைண்டரிலேயே ஆட்டலாம். சல்லடையைத் தனியாக வைக்க வேண்டும். மைதா சலித்த சல்லடையின் கண்ணிகளை எவ்வளவு தேய்த்தாலும் முழுக்கச் சுத்தமாகாது. மிளகாய்த்தூளுக்கு இவ்வளவு பயம் வேண்டாம், பல மில்களில் மிளகாய்க்குத் தனி மிஷின் உண்டு. இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். கடை மசாலாவில் சிக்கன் 65 பொடி போன்றவற்றைத்தான் கவனிக்க வேண்டும், மைதா சேர்ந்திருக்கலாம்.

சாஸ்களில் முதல் எதிரி சோயா சாஸ். பெயரில் சோயா இருந்தாலும் வழக்கமான முறையில் அதைச் சோயாவும் கோதுமையும் சேர்த்துத்தான் புளிக்கவைக்கிறார்கள். ஆக, தள்ளுவண்டி ஃப்ரைடு ரைஸ் அரிசிதானே என்று சாப்பிட முடியாது. மால்ட் வினிகரும் மால்ட் சேர்த்த சத்துப் பானங்களும் பார்லியிலிருந்து வருபவை. நீர்க்கடுப்புக்கு வீட்டில் பெரியவர்கள் வைத்துத் தரும் பார்லித் தண்ணீரும் கூடாது. சத்துமாவிலும் கோதுமை, பார்லி இருக்கும்.

அவருக்கு எழுதிக் கொடுத்த வார மெனுவில் புதிதாக எதுவும் இல்லை, எல்லாம் இந்தப் பக்கத்துச் சாப்பாடுதான். திங்கள் காலை இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் சோறு, முருங்கைக்கீரைப் பருப்புக் கூட்டு, முள்ளுக் கத்திரிக்காய்க் காரக்குழம்பு. இரவு தோசை. செவ்வாய் மதியம் நொய் போட்டுக் கிளறிய கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு அல்லது கீரை கடைசல். குடல் சேதத்தால் கால்சியம் சரியாக உறிஞ்சப்படாமல் இருந்தவருக்குக் களி வாரம் இரண்டு மூன்று முறை வருவது நல்லது. மீந்த மாவு புதன் காலைக் கூழாகும். புதன் மதியம் அவர் வேலைக்கு எடுத்துப்போக எலுமிச்சைச் சாதம், வறுத்த வேர்க்கடலை, இரண்டு முட்டை. வியாழன் காலை மிளகுப் பொங்கல், இரவு அரிசியும் மூன்று பருப்பும் அரைத்த அடை. வெள்ளி இடியாப்பம், தேங்காய்ப் பால். சனி சாமைச் சோறு, வீட்டில் அரைத்த பொடியில் ரசம், சுண்டல். மற்ற வேளைகளுக்கு இவற்றையே மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை சீரகச் சம்பா பிரியாணி. ஆம்பூர் முறையில் காய்ந்த மிளகாய் அரைத்துப் போடும் பிரியாணியில் கோதுமைக்கு வேலையே இல்லை. கத்திரிக்காய்த் தொக்கும் சரிதான். பொரித்த கோழி வேண்டுமென்றால் அரிசி மாவும் சோள மாவும் போட்டு வீட்டு எண்ணெயில் பொரிக்க வேண்டும். ஆற்காடு மக்கன் பேடா மட்டும் கிடையாது, அதில் மைதா உண்டு. இனிப்புக்கு ஜவ்வரிசிப் பாயசம், கடலை உருண்டை.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்றார். குடல் ஆறும்வரை பாலில் உள்ள சர்க்கரை சிலருக்குச் செரிக்காது. தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், சில மாதம் கழித்துப் பாலை மறுபடி கொஞ்சமாகக் குடித்துப் பார்க்கலாம்.

பெருங்காயமும் மில் மாவும் நின்ற பிறகு எடுத்த பரிசோதனையில் டிடிஜி மறுபடி இறங்கத் தொடங்கியிருந்தது, ஹீமோகுளோபினும் ஏறியது. இதைப் படித்துவிட்டு, தனக்கும் சீலியாக் இருக்குமோ என்ற சந்தேகத்தில் யாரும் முதலில் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் பரிசோதனை சரியாகக் காட்டும்.

வெளியே சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால் இட்லிதான் ஓரளவு பாதுகாப்பு, ஆவியில் வெந்தது. பல ஓட்டல்களில் தோசைக்கல்லும் பரோட்டாக் கல்லும் ஒன்றுதான், வடை பொரியும் எண்ணெயில்தான் பூரியும் பொரிகிறது. சாம்பார் வேண்டாம், பொடியும் வேண்டாம். தேங்காய்ச் சட்னியில் பெருங்காயம் தாளித்திருக்கிறதா என்று சப்ளையரிடம் கேட்காதீர்கள், சமையல்காரரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள்.