விடியற்காலை தேடலில் சிக்கும் மெசேஜ்

கும்பகோணத்தில் ஒரு பார்சல் கிடங்கில் வண்டி அனுப்பும் வேலை எனக்கு. டிரைவர், டெலிவரி ஆட்களை எடுப்பதும் நான்தான். வேலை கேட்டு போனுக்கு வரும் மெசேஜ்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும்: "சார் டிரைவர் வேலை இருக்கா? எல்லா வண்டியும் ஓட்டுவேன். தமிழ்நாடு ஃபுல்லா தெரியும். கால் பண்ணுங்க." இதில் பெயர்கூட இருக்காது.

அனுப்பியவர்களுக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. அந்த மெசேஜ் வந்த அன்றைக்கு எனக்கு ஆள் தேவைப்பட்டிருக்காது. பத்து நாள் கழித்து, விடியற்காலை நாலரை மணிக்கு, குத்தாலம் லைன் டிரைவர் காய்ச்சல் என்று போன் செய்வார். அப்போதுதான் நான் வாட்ஸ்அப்பைத் திறந்து தேடும் இடத்தில் "குத்தாலம்" என்று தட்டுவேன். இல்லையென்றால் "குட்டியானை" என்று தட்டுவேன். அந்தச் சொல் உங்கள் மெசேஜில் இருந்தால் உங்கள் பெயர் மேலே வரும். "தமிழ்நாடு ஃபுல்லா" என்று எழுதியவர் எந்தத் தேடலிலும் வரமாட்டார். வாய்ஸ் மெசேஜும் போட்டோவும்கூட இந்தத் தேடலில் சிக்காது. எழுத்தில்தான் இருக்க வேண்டும்.

அந்த மெசேஜில் என்ன எழுத வேண்டும்? முதலில் லைசென்ஸ். "லைசென்ஸ் இருக்கு" என்பது போதாது. எந்த வகை, எதுவரை செல்லும் என்ற இரண்டும் வேண்டும். பைக் டெலிவரிக்குக் கியர் வண்டி லைசென்ஸ். குட்டியானை, தோஸ்த், பிக்கப் போன்றவற்றுக்கு எல்.எம்.வி. போதும். சரக்கு வண்டிக்குத் தனியாக டிரான்ஸ்போர்ட் அனுமதி வேண்டுமே என்று பலர் தயங்குகிறார்கள். லோடோடு சேர்த்து மொத்த எடை 7,500 கிலோவுக்குள் வரும் சாதாரண சரக்கு வண்டிக்கு எல்.எம்.வி. லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. அதற்கு மேல் எடையுள்ள லாரி என்றால் கதை வேறு.

அந்த வேறு கதை ஒன்றை நானே பார்த்தேன். ஹெவி லைசென்ஸ் 2034 வரை இருக்கிறது என்று எழுதியிருந்த ஓர் அண்ணனை நெல் மூட்டை லோடுக்குக் கூப்பிட்டேன். கார்டை வாங்கிப் பார்த்தால் அதில் இரண்டு தேதிகள். 2034 என்பது சொந்த வண்டிக்கான தேதி. டிரான்ஸ்போர்ட்டுக்கான தேதி நாலு மாதம் முன்பே முடிந்திருந்தது. அவர் பொய் சொல்லவில்லை, பெரிய தேதியை மட்டும் பார்த்திருக்கிறார். டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. முடிந்து ஒரு வருடத்துக்குள் என்றால் மருத்துவச் சான்றோடு புதுப்பித்துவிடலாம், தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்டும் டெஸ்ட். செல்லாத லைசென்ஸோடு ஓட்டினால் ஓட்டியவருக்கு 5,000 ரூபாய் அபராதம், வண்டியைக் கொடுத்தவருக்குத் தனியாக 5,000. விபத்தாகிவிட்டால் இன்சூரன்ஸ் சிக்கல் அதைவிடப் பெரிது. அன்றைக்கு அவரை டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன், மனசே இல்லாமல்.

ஆனால் லைசென்ஸைப் போட்டோ எடுத்து வேலைவாய்ப்புக் குரூப்பில் போடாதீர்கள். லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் கிடைத்தால் அரசின் பரிவாகன் தளத்தில் உங்கள் விவரத்தை யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம். மெசேஜில் வகையும் தேதியும் போதும், கார்டை நேரில் காட்டுங்கள். "ரெஜிஸ்ட்ரேஷனுக்கு" என்று முன்பணம் கேட்பவன் வேலை தருபவன் இல்லை.

வண்டி பற்றி ஒரு வரி போதும். எந்த வண்டி, எத்தனை வருடம், என்ன லோடு. ஸ்டெப்னி மாற்றவும் தார்ப்பாய் இழுத்துக் கட்டவும் தெரியும் என்றால் அதையும் எழுதலாம், எங்களுக்கு அது பெரிய விஷயம். ஓட்டாத வண்டியை ஓட்டியதாக எழுதினால் கிடங்கு வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போதே தெரிந்துவிடும்.

ஊர் தெரியும் என்பதில்தான் நம் டெல்டாக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்ததை எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். இங்கே ஊர் தெரிவதென்றால் பாலம் தெரிவது. காவிரி, அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு என்று குறுக்கே ஓடிக்கொண்டே இருக்கும். எதிர்க்கரையில் கோயில் கோபுரம் தெரியும், மேப் முந்நூறு மீட்டர் என்று காட்டும். அங்கே இருப்பதோ நடந்து போகிற பாலம். பைக் போகும், குட்டியானை போகாது. கார் போகும் பாலத்துக்கு ஆறு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கரைச்சாலை சேறாகிவிடும். தை அறுவடையில் ரோட்டிலேயே நெல் காயும், கொள்முதல் நிலையத்து வாசலில் லாரிகள் வரிசை கட்டும். பிள்ளையார் கோயில் தெரு ஊருக்கு ஒன்று இருக்கிறது, மேலத்தெருவும் கீழத்தெருவும் அப்படியே. இதெல்லாம் தெரிந்தவர் ஒரு நாளைக்குப் பத்துப் பார்சல் கூடுதலாகக் கொடுத்துவிடுவார் என்பது என் அனுபவம்.

ஆடுதுறைத் தம்பி ஒருவர், மேலே சொன்ன "தமிழ்நாடு ஃபுல்லா" ரகம். ஏதோ தோன்றி நானே கூப்பிட்டுப் பேசினேன். காய்கறி வியாபாரி ஒருவரிடம் மூன்று வருடம் குட்டியானை ஓட்டியிருக்கிறார். விடியற்காலையில் லோடு ஏற்றி, காவிரியைத் தாண்டிக் கஞ்சனூர் வரை கடை கடையாக இறக்கியிருக்கிறார். இதில் ஒரு வார்த்தைகூட மெசேஜில் இல்லை. "இதையே எழுதி அனுப்புப்பா" என்றேன். இரண்டு தடவை திருத்தி அவர் அனுப்பியது இது, பெயரையும் எண்ணையும் மட்டும் எடுத்துவிட்டேன்:

"வணக்கம் சார். டிரைவர் அல்லது டெலிவரி வேலைக்காக எழுதுகிறேன். வயது 27, ஊர் ஆடுதுறை.
லைசென்ஸ்: கியர் பைக், எல்.எம்.வி. 2018-ல் எடுத்தது, 2038 வரை செல்லும்.
வண்டி: குட்டியானை 3 வருடம், காய்கறி லோடு. தோஸ்த் சில மாதம். ஸ்டெப்னி மாற்றுவேன். பெரிய லாரி ஓட்டியதில்லை.
ஊர்: ஆடுதுறை, திருமங்கலக்குடி, சூரியனார்கோயில், கஞ்சனூர். எந்தப் பாலத்தில் வண்டி போகும் என்று தெரியும். குத்தாலம், மயிலாடுதுறை மெயின் ரோடு மட்டும் தெரியும். வலங்கைமான், மன்னார்குடி பக்கம் பழக்கமில்லை.
காலை 4 மணிக்கு வர முடியும். சொந்த பைக் உண்டு. ஒரிஜினல் லைசென்ஸ் நேரில் காட்டுகிறேன்."

தெரியாததை எழுதினால் வேலை போய்விடும் என்று அவர் பயந்தார். எனக்கு அந்த வரிதான் பிடித்தது. பழக்கமில்லாத லைனில் அனுப்பி இரண்டு மணி நேரம் தொலைப்பதை அது மிச்சப்படுத்துகிறது. அது இருந்ததால் மற்ற வரிகளையும் நம்பினேன்.

மூன்று வாரம் எதுவும் நடக்கவில்லை. அப்புறம் ஒருநாள் விடியற்காலை திருமங்கலக்குடி லைன் ஆள் வரவில்லை. தேடலில் ஊர்ப்பெயரைத் தட்டியதும் ஒரே ஒரு மெசேஜ்தான் வந்தது. நாலே முக்காலுக்குக் கூப்பிட்டேன். ஐந்தரைக்கெல்லாம் கிடங்கு வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, கார்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார்.