சூடேற்றினால் எந்தப் பொருள் கூடும்?

அசிட்டிக் அமில ஆவியை 1189 கெல்வினுக்குச் சூடாக்கினால் அதன் மூலக்கூறு இரண்டு விதமாக உடையும். ஒரு வழியில் மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் வரும். இன்னொரு வழியில் நீர் வெளியேறி கீட்டீன் கிடைக்கும். ஒரே பொருளிலிருந்து இப்படி ஒரே நேரத்தில் நடப்பவை இணை வினைகள். இங்கே இரண்டும் முதல் வகை வினைகள்.

CH₃COOH → CH₄ + CO₂, k₁ = 3.74 s⁻¹
CH₃COOH → CH₂CO + H₂O, k₂ = 4.65 s⁻¹

நமக்குக் கீட்டீன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அமிலம் முழுதும் தீரும்வரை விட்டால் எவ்வளவு கிடைக்கும்? 4.65-ஐ இரண்டு மாறிலிகளின் கூட்டுத்தொகையான 8.39-ஆல் வகுத்தால் 0.554. அதாவது உடைந்த அமிலத்தில் 55 சதவீதம்தான் கீட்டீனாகும். அமிலம் பாதியாகக் குறைய 0.083 நொடி ஆகிறது. அப்போது நிறுத்தினாலும் அதே 55 சதவீதம், 0.55 நொடி கழித்து 99 சதவீதம் தீர்ந்தபின் நிறுத்தினாலும் அதே 55 சதவீதம். நேரத்தைக் கூட்டிக் குறைத்து இந்தப் பங்கை மாற்ற முடியாது.

காரணம் எளியது. அமிலத்தை A, முதல் வழியின் விளைபொருளை B, இரண்டாவதன் விளைபொருளை C என்போம், [A] என்பது A-யின் செறிவு. எந்தக் கணத்திலும் முதல் வழியின் வேகம் k₁[A], இரண்டாவதன் வேகம் k₂[A]. இரண்டிலும் இருப்பது ஒரே [A]. அமிலம் குறையக் குறைய இரு வேகங்களும் ஒன்றாகவே தளரும், அவற்றின் விகிதம் மட்டும் அசையாது. அதனால் கலனில் சேர்ந்திருக்கும் B, C அளவுகளின் விகிதமும் எப்போதும் k₁/k₂ தான்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. B மட்டும் வளர்வதை அளந்து வரைபடம் போட்டால், அந்த வளைவு எவ்வளவு சீக்கிரம் தட்டையாகிறது என்பது k₁-ஐக் காட்டாது, k₁ + k₂-ஐத்தான் காட்டும். C-யின் வளைவும் அதே வேகத்தில்தான் தட்டையாகும். இரண்டு பொருள்களுக்கும் வளர்ச்சிக் காலம் ஒன்று, போய் நிற்கும் உயரம் மட்டும் வேறு. ஆகவே k₁, k₂ இரண்டையும் தனித்தனியாகப் பெற, A மறையும் வேகமும் வேண்டும், விளைபொருள்களின் விகிதமும் வேண்டும்.

சரி, நேரத்தால் முடியாததை வெப்பநிலையால் செய்யலாமா? செய்யலாம், இரு வழிகளிலும் மூலக்கூறு தாண்ட வேண்டிய தடையான கிளர்வு ஆற்றல் வேறாக இருந்தால். ஒவ்வொரு மாறிலியும் அரீனியஸ் சமன்பாட்டின்படி தனித்தனியாக ஏறும். ஒன்றை மற்றதால் வகுத்தால் கிடைப்பது இது:

[B]/[C] = (A₁/A₂) · exp[(E₂ − E₁)/RT]

ஒவ்வொரு வழிக்கும் எத்தனை கிளர்வு ஆற்றல் என்பது தனியாக இங்கே நிற்கவில்லை, அவற்றின் வித்தியாசம் மட்டுமே நிற்கிறது. A₁, A₂ என்பவை அதிர்வெண் காரணிகள், R வாயு மாறிலி, T வெப்பநிலை.

எண்களோடு பார்த்தால் இது தெளிவாகும். கற்பனையாக ஒரு வினையை எடுப்போம். B தரும் வழிக்கு E₁ = 80, C தரும் வழிக்கு E₂ = 100 கிலோஜூல்/மோல். 300 கெல்வினில் k₁ = 1.0 × 10⁻⁴ s⁻¹, k₂ அதில் பத்தில் ஒன்று. ஆக விகிதம் 10:1, B-யின் பங்கு 91 சதவீதம். A-யின் அரை ஆயுட்காலம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம்.

350 கெல்வினுக்கு ஏற்றுவோம். k₁ 98 மடங்கு கூடுகிறது, k₂ 307 மடங்கு கூடுகிறது. விகிதம் 3.2:1 ஆகிறது, B 76 சதவீதம். அரை ஆயுட்காலம் 54 நொடி. இன்னும் 50 கெல்வின் ஏற்றி 400-க்குப் போனால் விகிதம் 1.35:1, B 57 சதவீதம், A பாதியாகக் குறைய 1.3 நொடி போதும். சுமார் 421 கெல்வினில் இரண்டும் சமமாகி, அதற்கு மேல் C முந்திவிடும்.

இதைப் படிக்கும்போது "சூடேற்றினால் B உருவாவது குறைகிறது" என்று தோன்றும். அப்படி இல்லை. 300-லிருந்து 400-க்குப் போகும்போது B உருவாகும் வேகம் மூவாயிரம் மடங்கு ஏறியிருக்கிறது. C அதைவிட வேகமாக, இருபத்திரண்டாயிரம் மடங்குக்கும் மேல் ஏறியதால்தான் B-யின் பங்கு குறைந்தது. உயரமான தடையை உடைய வழிதான் வெப்பத்தை அதிகம் உணரும். குளிரில் அந்தத் தடையைத் தாண்டும் மூலக்கூறுகள் மிகச் சொற்பம், எனவே கொஞ்சம் சூடேறினாலும் அவற்றின் எண்ணிக்கை பல மடங்காகப் பெருகும்.

அப்புறம், B தான் வேண்டும் என்றால் குளிர்விப்பதே சரியான திசை, ஆனால் அதற்கு விலை நேரம். 280 கெல்வினுக்கு இறக்கினால் விகிதம் 17.7:1 ஆகும், பங்கு 95 சதவீதத்தை நெருங்கும். அரை ஆயுட்காலமோ 18 மணி நேரமாகிவிடும். நான்கு சதவீதம் கூடுதல் B-க்காகப் பத்து மடங்கு காத்திருக்க வேண்டும். C-யைப் பிரித்தெடுப்பது கடினமான வேலை என்றால் அது தகும், எளிதில் பிரியும் என்றால் தகாது என்பது என் எண்ணம்.

வெப்பநிலையை எவ்வளவு ஏற்றினாலும் C-யின் பங்கு ஓர் எல்லையில் நின்றுவிடும். வெப்பநிலை எல்லையின்றி ஏறினால் அந்த exp பகுதி 1 ஆகிவிடும், விகிதம் A₁/A₂ மட்டுமே. நம் உதாரணத்தில் A₂, A₁-ஐவிட சுமார் 300 மடங்கு பெரியது. அதிர்வெண் காரணிகள் நேர்மாறாக இருந்திருந்தால், அதாவது A₁ பெரியதாக இருந்திருந்தால், எவ்வளவு சூடேற்றினாலும் C முந்தவே முந்தாது.

இந்தக் கணக்கெல்லாம் உண்மையில் இணை வினைகளாக இருந்தால்தான் செல்லும். அதைச் சோதிக்க நல்ல வழி, நிலையான வெப்பநிலையில் பல நேரங்களில் மாதிரி எடுத்து [B]-ஐ [C]-க்கு எதிராக வரைவது. புள்ளிகள் ஆதிப்புள்ளி வழியே நேர்கோட்டில் விழுந்தால் சரி. தொடக்கத்தில் B அதிகமாக இருந்து நேரம் போகப் போக C ஏறினால், B தானே C-யாக மாறுகிறது அல்லது B திரும்பி A ஆகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அசிட்டிக் அமிலத்தில் விளைபொருள் இப்படி மாறிவிடுவது நிஜமான தொல்லை. சூடான பகுதியிலிருந்து வெளியே வந்தவுடன் கீட்டீன், பக்கத்திலேயே இருக்கும் நீருடன் சேர்ந்து மீண்டும் அசிட்டிக் அமிலமாகிவிடும். மீந்த அமிலத்துடன் சேர்ந்தால் அசிட்டிக் அன்ஹைட்ரைடு ஆகும். வாயுவைச் சடுதியில் குளிர்வித்து நீரைப் பிரிக்காவிட்டால், அளக்கும் விகிதம் உலையில் நடந்ததைச் சொல்லாது.

வெப்பம் வெளியிடும் வினையிலும் கவனம் வேண்டும். கலனின் நடுப்பகுதி நாம் வைத்த வெப்பநிலையைவிடச் சூடாகிவிட்டால், அங்கே உருவாவதில் C-யின் பங்கு கூடியிருக்கும். அடிக்கடி கலக்கி, செறிவைக் குறைத்து மீண்டும் செய்து பார்த்து விகிதம் மாறுகிறதா என்று பார்த்தால் இது பிடிபடும்.

பல வெப்பநிலைகளில் விகிதம் கிடைத்தபின், ln([B]/[C])-ஐ 1/T-க்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரவேண்டும், சாய்வு (E₂ − E₁)/R. இதில் ஒரு வசதி உண்டு. இரு விளைபொருள்களும் ஒரே கலனில், ஒரே நேரத்தில் உருவானவை என்பதால், தனித்தனி k மதிப்புகளில் புகும் நேரப் பிழைகளும் தொடக்கச் செறிவுப் பிழைகளும் இந்த விகிதத்தில் அடிபட்டுப் போகும். ஆனால் A மறையும் மொத்த வேகத்துக்கு அரீனியஸ் கோடு போட்டால் அது மெல்ல வளையும், ஏனென்றால் வெப்பநிலை ஏற ஏற C வழியின் பங்கு கூடி, தோற்றக் கிளர்வு ஆற்றல் நம் கற்பனை உதாரணத்தில் 300 கெல்வினில் உள்ள 81.8 கிலோஜூல்/மோலிலிருந்து 100-ஐ நோக்கி நகரும்.