டாம்ஸ்: பிந்திவரும் தசை உளைச்சல்

ஓட்டக் குழுக்களின் வாட்ஸ்அப்பில் திங்கட்கிழமை காலையானால் தவறாமல் வரும் சொல் ‘டாம்ஸ்’. ‘டிலேய்ட் ஆன்செட் மசில் சோர்னஸ்’ என்ற நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்த சுருக்கம் அது. பழக்கமில்லாத வேலையைத் தசைக்குக் கொடுத்தபின், உடனே வராமல் அரை நாள், ஒரு நாள் கழித்துத் தொடங்கி, இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கும் வலிக்கு இந்தப் பெயர்.

இந்த நான்கில் ‘சோர்’ பழைய ஆங்கிலச் சொல். வலி, புண் இரண்டையுமே அது குறித்தது. இன்றும் ஆறாத புண்ணுக்கு அந்தப் பெயர் உண்டு. அதனால்தானோ என்னவோ, டாம்ஸ் என்றதும் உள்ளே ஏதோ கிழிந்துவிட்டதாகப் பலர் பயப்படுகிறார்கள். ஜெர்மன்காரர்கள் இதை ‘முஸ்கெல்காட்டர்’ என்பார்கள். ‘காட்டர்’ என்றால் அளவுக்கு மீறிக் குடித்த மறுநாளின் அவதி. வலி மறுநாள் வருவதைப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள்.

தமிழில் பொருத்தமான சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது: உளைச்சல். ‘நேத்து நாத்து நட்டது, இன்னிக்குக் கால் உளையுது’ என்று சொல்வது இந்த வலியைத்தான். இப்போது மன உளைச்சல் என்றே அதிகம் புழங்கினாலும், கை கால் உளைச்சல் என்னும் பொருளும் உயிரோடுதான் இருக்கிறது. ஆகவே ‘பிந்திவரும் தசை உளைச்சல்’ என்பது என் பரிந்துரை. ‘தாமதத் தசைவலி’ என்றாலும் தவறில்லை. ஆனால் சுளுக்கு என்று சொல்லிவிடக் கூடாது. அது மூட்டைப் பிணைக்கும் நார் இழுபடுவது. கொறக்களியும் வேறு. ஓடும்போதோ நள்ளிரவிலோ கெண்டைக்கால் திடீரென்று கட்டியாக இறுகி, சில நிமிடங்களில் விட்டுவிடுவது அது.

இந்த வலியைத் தனியே பிரித்துக் காட்டியவர்களில் முன்னோடி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆய்வு செய்த தியடோர் ஹஃப். பயிற்சியில்லாத விரல் தசைகளுக்குத் திரும்பத் திரும்ப வேலை கொடுத்துப் பார்த்து, களைப்பும் மறுநாள் வலியும் ஒன்றல்ல என்று 1902-ல் எழுதினார். தசைக்குள் நுண்ணிய சிதைவு நடக்கிறது என்பது அவருடைய ஊகம். பின்னாளில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் தசையிழைகளைப் பார்த்தவர்கள், சுருங்கும் நுண் அலகுகளின் எல்லைக்கோடுகள் கலைந்து கிடப்பதைக் கண்டார்கள். அந்தச் சிதைவைச் சீர்செய்ய உடல் ஆளனுப்பும்போது நரம்பு முனைகள் கூர்மையாகிவிடுகின்றன. தொட்டாலே வலிப்பது அதனால்தான். இந்த வேலை சூடுபிடிக்க நேரம் எடுப்பதால் வலியும் பிந்துகிறது.

லாக்டிக் அமிலம் தேங்கி நிற்பதால் வலிக்கிறது என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அந்த அமிலம் உடலில் இருக்கும் வடிவம்தான் லாக்டேட். ஓட்டத்தில் கூடும் லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும்; மறுநாள் வலிக்கு அது பொறுப்பாக முடியாது. 1983-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் சிலரை ட்ரெட்மில்லில் சமதளமாகவும் இறக்கமாகவும் ஓடவிட்டார்கள். சமதளத்தில் லாக்டேட் ஏறியது, பெரிய வலி வரவில்லை. இறக்கத்தில் லாக்டேட் ஏறவில்லை, வலி வந்தது.

இறக்கத்தில் என்ன நடக்கிறது? கால் தரையில் படும்போதெல்லாம் முன்தொடைத் தசை முழங்காலை மடங்கிவிடாமல் தாங்க வேண்டும். சுருங்க முயன்றுகொண்டே அது நீள்கிறது. இப்படி நீண்டுகொண்டே சுமை தாங்குவதுதான் தசையை அதிகம் கலைப்பது. சமதள ஓட்டத்திலும் ஒவ்வோர் அடிக்கும் இது கொஞ்சம் உண்டு. தூரம் கூடினால் அடிகளும் ஆயிரக்கணக்கில் கூடும். படி ஏறுவதைவிட இறங்குவது அதிகம் வலிப்பதும் இதனால்தான்.

எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி, பத்து கிலோமீட்டரைத் தாண்டாதவர், ஒரு ஞாயிறு ஏற்காடு மலைச்சாலையில் பதினாறு ஓடினார், பாதி இறக்கம். அன்று மாலைவரை நன்றாகவே இருந்தார். செவ்வாய் காலை வீடியோ காலில் கூப்பிட்டார்: “அண்ணா, படியிறங்க முடியல. கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு பக்கவாட்டுல இறங்குறேன். இடது கால்ல கீழயும் வலிக்குது.”

முதலில் தொடையைக் கேட்டேன். இரண்டு தொடையிலுமா? ஆம். ஒரு விரலால் காட்ட முடியுமா? முடியவில்லை, உள்ளங்கையால் மொத்தத் தொடையையும் தடவினார். ஐந்து நிமிடம் வீட்டுக்குள் மெதுவாக நடந்தால் எப்படி? கொஞ்சம் இளகுகிறது. இதெல்லாம் உளைச்சலின் அடையாளம். இரு பக்கமும் ஏறக்குறைய ஒரேபோல, பரந்து, தசையின் சதைப்பகுதியில், அசைத்தால் தணிவதாக இருக்கும்.

இடது காலைப் பற்றிக் கேட்டதும் பதில்கள் மாறின. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, எலும்பின் உள்விளிம்பில், ஒரு ரூபாய்க் காசளவு இடத்தை விரல் நுனியால் தொட்டுக் காட்டினார். வலது காலில் இல்லை. நடக்க நடக்கக் கூடியது. கிளறிக் கேட்டபோது, ஓட்டத்தின் நடுவிலேயே அங்கே ஊசி குத்தியதுபோல் இருந்ததாகச் சொன்னார். உளைச்சல் ஓட்டத்துக்கு நடுவில் வராது. எலும்பின்மேல் புள்ளியாக நிற்கவும் செய்யாது.

வியாழக்கிழமை தொடை வலி அநேகமாகப் போய்விட்டது. கால் எலும்பின் வலி மட்டும் அப்படியே நின்றது. நாள் போகப் போக ஒன்று இறங்கி, மற்றொன்று இறங்காமல் இருப்பதுதான் நான் அதிகம் நம்பும் அளவுகோல். விளையாட்டு மருத்துவரிடம் போகச் சொன்னேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் உண்டாகும் அழுத்தக் காயம் முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சாதாரணம், ஆகவே ‘எக்ஸ்ரே நார்மல்’ என்று ஓடப் போய்விடக் கூடாது. எம்ஆர்ஐயில் தெரிந்தது. ஆறு வாரம் ஓட வேண்டாம் என்றார் மருத்துவர். கடந்த சில வாரங்களில் தூரத்தை வேகமாக ஏற்றியதே காரணம். மலைச்சாலை அதை வெளியே கொண்டுவந்தது, அவ்வளவுதான்.

வெறும் உளைச்சல் என்றால் நடக்கலாம், மெதுவாக சைக்கிள் மிதிக்கலாம். தசையின் பலம் அந்த நாட்களில் குறைந்திருக்கும், எனவே வேக ஓட்டமும் மலையும் வேண்டாம். ஓடுமுன்னும் பின்னும் தசையை இழுத்து நீட்டுவதால் இந்த வலி குறிப்பிடும்படி குறைவதில்லை என்பது பல ஆய்வுகளில் தெரிந்ததே. குறைப்பது அதே வேலைதான்: இரண்டு மூன்று வாரம் கழித்து அதே இறக்கத்தில் ஓடினால் வலி பாதிகூட இருக்காது. ஒரு தடவை கலைந்த தசை அடுத்த தடவைக்குத் தயாராகிவிடுகிறது.

இரண்டு நிலைகளில் மட்டும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒன்று, தாங்க முடியாத வலியும் வீக்கமும் சேர்ந்து, சிறுநீர் கோலா நிறத்தில் இறங்குவது. தசை பெருமளவில் சிதைந்து அதன் புரதம் சிறுநீரகத்தைத் தாக்கும் ‘ராப்டோமயோலைசிஸ்’ நிலையாக அது இருக்கலாம். அந்த நேரத்தில் வலி மாத்திரையைத் தாமாக விழுங்குவது சிறுநீரகத்துக்கு இன்னும் கேடு. மற்றொன்று, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, சிவந்து வலிப்பது. நீண்ட பயணத்துக்குப் பிறகு என்றால் இன்னும் கவனம். நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கக்கூடும் என்பதால் அந்தக் காலை உருவித் தேய்க்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.