விற்காத காலண்டரின் நஷ்டம் யார் தலையில்?

டிசம்பர் பிறந்தால் பாரிமுனையில் தினசரி காலண்டர் வியாபாரம் சூடு பிடிக்கும். பொங்கல் தாண்டிவிட்டால் அதே காலண்டர் பழைய பேப்பர் விலைக்குத்தான் போகும். எத்தனை விற்கும் என்று தெரிவதற்கு முன்பே, எத்தனை எடுப்பது என்று கடைக்காரர் முடிவு செய்தாக வேண்டும். இந்த இடத்தில்தான் தயாரிப்பாளரின் லாபமும் கடைக்காரரின் லாபமும் எதிரெதிராக இழுக்கின்றன.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். காலண்டர் ஒன்றை அச்சடிக்க 60 ரூபாய் ஆகிறது. தயாரிப்பாளர் அதை மயிலாப்பூர் கடை ஒன்றுக்கு 140 ரூபாய்க்குக் கொடுக்கிறார். கடையில் விலை 200. அந்தக் கடையில் 0 முதல் 100 வரை எத்தனை வேண்டுமானாலும் விற்கலாம், எல்லா எண்ணுக்கும் ஒரே அளவு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சியதற்கு மதிப்பே இல்லை.

கடைக்காரர் 30 காலண்டர் எடுத்துவிட்டார், இன்னொன்று எடுக்கலாமா என்று யோசிக்கிறார். அது விற்க வாய்ப்பு சுமார் 70 சதவீதம். விற்றால் 60 ரூபாய் லாபம், விற்காவிட்டால் 140 ரூபாய் நஷ்டம். 60-இல் 70 சதவீதம் 42; 140-இல் 30 சதவீதமும் 42. வரவும் இழப்பும் சமம், அதனால் 30-லேயே நிறுத்திக்கொள்கிறார். அவர் பயந்தாங்கொள்ளி இல்லை, அவர் கணக்கு சரிதான்.

ஆனால் தயாரிப்பாளரும் கடைக்காரரும் ஒரே ஆளாக இருந்தால்? விற்றால் 140 லாபம், விற்காவிட்டால் போவது அச்சடித்த 60 மட்டும். அந்த ஆள் 70 வரை துணிவார். அப்போது சராசரி மொத்த லாபம் 4,900 ரூபாய். 30-இல் நிறுத்தினால் 3,300 தான். அதில் தயாரிப்பாளருக்கு 2,400, கடைக்கு 900. மீதி 1,600 யார் கைக்கும் வராமல் போகிறது. காலண்டர் கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்புபவர்களோடு போய்விடுகிறது அந்தப் பணம்.

இதற்கு ஒரு வழி, விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்வது. தயாரிப்பாளர் விலையை 144 ஆக ஏற்றுகிறார், மிஞ்சியதை ஒன்றுக்கு 120 கொடுத்து வாங்கிக்கொள்கிறார். இப்போது கடைக்கு விற்றால் 56 லாபம், விற்காவிட்டால் 24 தான் நஷ்டம். 56-க்கு 24 என்பது 140-க்கு 60 என்ற அதே விகிதம். அதனால் கடைக்காரர் தானாகவே 70 எடுப்பார். அவருடைய சராசரி லாபம் 900-லிருந்து 1,960 ஆகிறது, தயாரிப்பாளருக்கு 2,400-லிருந்து 2,940. விலை ஏறியும் கடைக்கு லாபம் இரு மடங்குக்கு மேல்! எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

எல்லாவற்றையும் முழு விலைக்கே திரும்ப எடுத்தால் இன்னும் நல்லதில்லையா? இல்லை. 144-க்கு வாங்கியதை 144-க்கே திருப்பலாம் என்றால் கடைக்கு நஷ்ட பயமே இருக்காது. 100 வரை எடுத்து அடுக்கிவிடுவார். திருப்பிக் கொடுக்கும் விலை வாங்கிய விலையைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். எவ்வளவு குறைவு என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பாஸ்டர்நாக் என்ற ஆய்வாளர் 1985-இல் இதைக் கணிதமாகவே நிறுவினார்.

இரண்டாவது வழி வருமானப் பங்கு. காலண்டரை வெறும் 24 ரூபாய்க்கு, அச்சுச் செலவுக்கும் கீழே கொடுத்துவிட்டு, விற்ற ஒவ்வொன்றிலும் 60 சதவீதத்தை, அதாவது 120 ரூபாயைத் தயாரிப்பாளர் வாங்கிக்கொள்வார். கடைக்கு விற்றால் 80-இல் 24 போக 56, விற்காவிட்டால் 24 நஷ்டம். முன்பு பார்த்த அதே எண்கள்! பார்வைக்கு வேறாகத் தெரிந்தாலும் இந்தக் கணக்கில் இரண்டும் ஒரே ஒப்பந்தம்தான். 1990-களின் இறுதியில் அமெரிக்காவின் பிளாக்பஸ்டர் வீடியோ கடைகள் சினிமா ஸ்டூடியோக்களோடு இப்படித்தான் ஒப்பந்தம் போட்டன. சுமார் 65 டாலருக்கு வாங்கிய கேசட் சுமார் 8 டாலருக்குக் கிடைத்தது, பதிலுக்கு வாடகை வருமானத்தில் பங்கு போனது. புதுப்பட கேசட்டுகள் கடையில் தாராளமாக நிறைந்தன.

ஆனால் இரண்டு முறையிலும் ஒரு ஓட்டை உண்டு. பழைய முறையில் அலமாரியில் இருக்கும் காலண்டர் விற்றால் முழு 200-ம் கடைக்கே, விற்காவிட்டால் ஒன்றுமில்லை. அதனால் கடைக்காரர் வாசலில் தொங்கவிட்டு, கூவி விற்பார். புதிய முறைகளில் விற்றாலும் விற்காவிட்டாலும் அவருக்கு வித்தியாசம் 80 ரூபாய்தான். ஆர்வம் அந்த அளவுக்குக் குறையும். ஆளை நிறுத்திப் பேசி விற்க வேண்டிய பொருளுக்கு இது பெரிய இழப்பு. தேடி வந்து வாங்கும் காலண்டருக்கு அவ்வளவு பாதிப்பில்லை.

இரண்டில் எதை எடுப்பது? அது பில்லைப் பொறுத்தது. வருமானப் பங்கில் எத்தனை விற்றது என்று தயாரிப்பாளருக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு விற்பனையும் கம்ப்யூட்டர் பில்லில் ஏறும் சூப்பர் மார்க்கெட்டில் அது நடக்கும். கைச்சீட்டில் ஓடும் சிறிய கடையில், விற்றதைக் குறைத்துச் சொன்னால் கண்டுபிடிப்பது கடினம். அங்கே திரும்ப எடுப்பதே பொருந்தும். வண்டி வாடகை கூடுதலாகும், ஆனால் மிஞ்சிய காலண்டர் கண் முன்னால் வந்து நிற்கும், எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.