கண் மருந்தகம் எப்படி ‘கண மருந்தகம்’ ஆனது?

சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கண் மருந்தகத்தில் பணிபுரியும் வாசகர் இரண்டு தாள்களை அனுப்பியிருந்தார். ஒன்று, புதிய கடிதத்தாளில் அச்சிட்ட கட்டணச்சீட்டு. மற்றது, காப்பீட்டுக்காக எடுத்த அதன் கறுப்பு வெள்ளை நகல். பொன்மஞ்சளில் சிறிதாக இருந்த ‘கண் மருந்தகம்’ நகலில் ‘கண மருந்தகம்’ ஆகியிருந்தது. மொத்தத் தொகைக்குப் பின்னிருந்த சாம்பல் கட்டத்தில் புழுதி படிந்ததுபோல் ஒரு கறை. இயந்திரம் பழுதா என்று கேட்கிறார். இல்லை, அது ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது.

கறுப்பு வெள்ளை நகலுக்கு நிறம் தெரியாது, வெளிச்சம்தான் தெரியும். பரவலாகப் பயன்படும் கணக்கு ஒன்று, சிவப்பில் 0.299, பச்சையில் 0.587, நீலத்தில் 0.114 பங்கை எடுத்துக் கூட்டுகிறது. இந்தப் பொன்மஞ்சளில் சிவப்பு 255, பச்சை 204, நீலம் 0. கூட்டினால் 196. வெள்ளைத் தாள் 255 என்பதால் இது வெறும் வெளிர்சாம்பல். அடர்சிவப்பு (200, 0, 0) என்றால் 60தான் வரும், கிட்டத்தட்டக் கறுப்பு. எண்கணிதம் பார்த்து மஞ்சளைத் தேர்ந்தெடுத்தார்களாம். இந்த எண்களையும் ஒருமுறை பார்த்திருக்கலாம்!

இனிதான் எனக்குப் பிடித்த இடம். இயந்திரத்திடம் சாம்பல் நிற மைத்தூள் கிடையாது. கறுப்பை வைக்கும் அல்லது விட்டுவிடும். அதனால் சாம்பலை இடைவெளி விட்ட கரும்புள்ளிகளாக்கிக் கண்ணை ஏமாற்றுகிறது. அங்குலத்துக்கு 106 வரிசை என்றால், புள்ளிக்குப் புள்ளி சுமார் 0.24 மில்லிமீட்டர். சிறிய எழுத்தின் கோடும் ஏறக்குறைய அதே தடிமன். ஆக, ஒரு கோட்டுக்கு ஒரே வரிசைப் புள்ளிதான் கிடைக்கிறது, எழுத்து உதிர்கிறது. ‘ண்’ மேலுள்ள புள்ளியோ இரண்டு கரும்புள்ளிகளுக்கு நடுவே விழுந்தால் தடமில்லாமல் போய்விடும்.

சாம்பல் கட்டத்தின் கதை வேறு. அது முதல் அச்சிலேயே புள்ளிகளால் ஆனது. அவற்றின் மேல் நகல் இயந்திரம் தன் புள்ளிகளை இடுகிறது. இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் தெரியும் அலைகள்தான் அந்தக் கறை.

கட்டத்தின் நிறத்தை நீக்கி, அரை பாயின்ட் தடிமனில் கறுப்புக் கோடு போதும் என்று எழுதினேன். பெயர் கறுப்பில் இருக்கட்டும். சின்னம் தாளின் விளிம்பிலிருந்து 3 மில்லிமீட்டரில் இருந்தது. பல இயந்திரங்கள் ஓரத்தில் 4 மில்லிமீட்டர் வரை வெறுமையாக விடுவதால், 10 மில்லிமீட்டர் உள்ளே தள்ளச் சொன்னேன். தொகைகளைத் தசமப்புள்ளி ஒரே நேர்கோட்டில் வரும்படி வலப்புறம் அடுக்க வேண்டும். தாள் சற்றுச் சாய்ந்து இழுபட்டாலும் வரிசை குழம்பாது.

பிறகு நகலின் நகலுக்கு ஒரு நகல் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். எழுத்துக்கான அமைப்பில் ஒருமுறை, படத்துக்கான அமைப்பில் ஒருமுறை. மூன்றாம் தாளில் 3, 8 ஆகத் தெரிந்தால் எழுத்தளவைக் கூட்ட வேண்டும். அவருடைய தாளில் எண்கள் தப்பிப் பிழைத்தன. ‘ண்’ புள்ளிக்காக மட்டும் எழுத்தளவை 8 பாயின்ட்டிலிருந்து 10 ஆக்கினார்.