டிஎஃப்-ஐடிஎஃப்: எத்தனை முறை, எத்தனை அரிது

தேடுபொறி பற்றிப் படிக்கத் தொடங்கும் யாருக்கும் முதலில் எதிர்ப்படும் பெயர் டிஎஃப்-ஐடிஎஃப், ஓர் ஆவணத்துக்கு ஒரு சொல் எவ்வளவு முக்கியம் என்று எடை போடும் கணக்கு. முதல் குழப்பமும் இதில்தான். நடுவில் இருப்பது வெறும் இணைப்புக்கோடு. அதைக் கழித்தல் குறியாக எண்ணி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் நடப்பது பெருக்கல்:

```
tf × log(N / df)
```

`tf` என்பது 'டெர்ம் ஃப்ரீக்வன்சி', ஓர் ஆவணத்துக்குள் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கை. ஃப்ரீக்வன்சிக்குத் தமிழில் மூன்று சொற்களாவது உண்டு. இயற்பியலில் அதிர்வெண் என்கிறோம். புள்ளியியல் பாடத்தில் நிகழ்வெண். இலங்கைப் பாடநூல்களில் மீடிறன். இங்கே எதுவும் அதிரவில்லை, எண்ணுகிறோம், அவ்வளவுதான். ஆகவே 'சொல் நிகழ்வெண்' பொருந்தும். ஆவணத்தில் அடிக்கடி வரும் சொல்லே அதன் பொருளைக் காட்டும் என்ற எண்ணத்தை 1957-இல் ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் எழுதிவைத்தார்.

அடுத்த பாதி 'இன்வர்ஸ் டாக்குமென்ட் ஃப்ரீக்வன்சி', சுருக்கமாக ஐடிஎஃப். அதில்தான் சிக்கல். `N` என்பது மொத்த ஆவணங்களின் எண்ணிக்கை, `df` அவற்றில் அந்தச் சொல் வருபவை. 'இன்வர்ஸ்' என்பதை 'எதிர்' என்று பெயர்த்தால் குறைக்குறி போட்ட எண் நினைவுக்கு வரும். 'நேர்மாறு' என்றால் சார்புகளின் கணக்கு. `df/N` என்ற பின்னத்தைக் கவிழ்த்து `N/df` ஆக்குவதுதான் இங்கே வேலை என்பதால் 'தலைகீழ்' சரி. ஆனால் 'தலைகீழ் ஆவண நிகழ்வெண்' என்று முழுதாகச் சொன்னால், ஆவணம் எத்தனை முறை வந்தது என்று கேட்கத் தோன்றும். எண்ணுவதோ, அந்தச் சொல் ஒரு தடவையாவது இடம்பெற்ற ஆவணங்களை. ஓர் ஆவணத்தில் அது ஐம்பது முறை வந்தாலும் `df` கணக்கில் ஒன்றுதான்.

இந்தக் கருத்தை 1972-இல் முன்வைத்தவர் கேம்பிரிட்ஜில் இருந்த கரென் ஸ்பார்க் ஜோன்ஸ். அவருடைய கட்டுரைத் தலைப்பில் இருந்த சொல் 'ஸ்பெசிஃபிசிட்டி', ஒரு சொல் எவ்வளவு குறிப்பானது என்பது. அதை அகராதிப் பொருளைக் கொண்டு முடிவுசெய்ய வேண்டாம், எத்தனை ஆவணங்களில் புழங்குகிறது என்று எண்ணினாலே போதும் என்பது அவர் வாதம். தமிழில் இதற்குப் பொருத்தமான சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது: அருமை. இன்று 'அருமையான படம்' என்று பாராட்டாகத் தேய்ந்துவிட்டாலும், 'அரிது' என்பதோடு பிறந்த சொல் அது. என்னைக் கேட்டால் ஐடிஎஃபை 'அருமை எடை' என்பேன். பாடநூலில் எழுதுபவர்கள் தலைகீழ் ஆவண நிகழ்வெண் என்றே எழுதட்டும்.

இரண்டும் சேர்ந்து மதிப்பெண் போடுவதை ஒரு கணக்கில் பார்க்கலாம். 1000 கட்டுரைகள் உள்ளன. 'மரம்' 100 கட்டுரைகளிலும் 'கரையான்' 10 கட்டுரைகளிலும் வருகின்றன. பத்தடிமான மடக்கையில், மரத்தின் அருமை எடை log(1000/100), அதாவது 1. கரையானுக்கு 2. ஆயிரத்திலும் வரும் 'ஒரு' போன்ற சொல்லுக்கு log(1), அதாவது 0. அது தானாகவே கணக்கிலிருந்து உதிர்ந்துவிடும்.

தேடுபவர் 'மரம் கரையான்' என்று தட்டுகிறார். முதல் கட்டுரை மரவகைகளைப் பற்றியது. அதில் மரம் 6 முறை, கரையான் போகிறபோக்கில் 1 முறை. இரண்டாவது, கரையான் அரிப்பைப் பற்றியே எழுதியது. மரம் 1, கரையான் 3. தேடுபவருக்கு வேண்டியது இரண்டாவது. வெறும் எண்ணிக்கையைக் கூட்டினால் 7-க்கு 4 என்று முதலாவது ஜெயிக்கிறது. அருமை எடையால் பெருக்கினால் முதலாவதுக்கு 6×1 + 1×2 = 8, இரண்டாவதுக்கு 1×1 + 3×2 = 7. இடைவெளி குறைந்தது, ஆனால் இன்னும் தப்பான கட்டுரையே மேலே நிற்கிறது.

குற்றம் ஐடிஎஃபில் இல்லை, டிஎஃபில் இருக்கிறது. ஒரு சொல் ஆறு முறை வருவதால் அந்த ஆவணம் ஆறு மடங்கு பொருத்தமாகிவிடாது. முதல் தடவை வருவதுதான் பெரிய செய்தி, அடுத்தடுத்து வருவது அதை உறுதிசெய்கிறது, அவ்வளவே. அதனால் எண்ணிக்கையையும் மடக்கையால் தட்டி வைப்பது வழக்கம்: `1 + log(tf)`. ஆறு இப்போது 1.78 ஆகிறது, மூன்று 1.48. முதலாவது 1.78 + 2 = 3.78. இரண்டாவது 1 + 2.95 = 3.95. கரையான் கட்டுரை மேலே வந்துவிட்டது. (நீளமான கட்டுரையில் எல்லாச் சொல்லும் கூடுதலாக வரும் என்பதால் நீளத்துக்கும் ஈடு செய்வார்கள். அது தனிக் கதை.)

மதிப்பெண்களைக் கூட்டுவதற்கும் ஒரு காரணம் உண்டு. மரம் வர வாய்ப்பு பத்தில் ஒன்று, கரையான் வர வாய்ப்பு நூறில் ஒன்று. ஒன்றுக்கொன்று தொடர்பின்றி வருவதாகக் கொண்டால், இரண்டும் சேர்ந்து வர வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. அதன் தலைகீழியான ஆயிரத்துக்கு மடக்கை 3, அதாவது 1 + 2. வாய்ப்புகளைப் பெருக்குவது மடக்கையில் கூட்டலாகிறது. கரையானும் மரமும் உண்மையில் அப்படித் தொடர்பற்றவையா என்று கேட்டால், இல்லைதான்.

இந்தக் கணக்கைத் தமிழ்க் கட்டுரைகளில் ஓட்டும்போது அநேகமாக எல்லாரும் இடறும் இடம் ஒன்று உண்டு. பைத்தானில் `scikit-learn` தரும் `TfidfVectorizer` இயல்பாக `\w\w+` என்ற அமைப்பால், அதாவது அடுத்தடுத்து இரண்டு எழுத்தாவது வந்தால்தான் சொல் என்று பிரிக்கிறது. பைத்தானின் `\w` நம் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்பதில்லை. 'கரையான்' என்பதில் க, ர வரை வந்து, ஐகாரக் குறியில் சொல் முறிகிறது. மிச்சமுள்ள ய, ன ஒற்றை எழுத்துகளாக நிற்பதால் தூக்கி எறியப்படுகின்றன. கிடைப்பது 'கர'. கரும்பு, கருப்பு, கரை என எல்லாம் அதே 'கர'தான்.

பிழைச் செய்தி எதுவும் வராது. தேடலும் ஏதோ ஒன்றைத் தரும். ஆனால் 'கர' 400 கட்டுரைகளில் இருப்பதாகக் கொண்டால் அதன் அருமை எடை 2-இலிருந்து 0.4-க்கு விழுந்துவிடும். மற்ற எண்கள் மாறவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், முதலாவது கட்டுரைக்கு 2.18, இரண்டாவதுக்கு 1.59. மறுபடி மரவகைக் கட்டுரை மேலே. `get_feature_names_out()` தரும் பட்டியலைக் கண்ணால் பார்த்தால் போதும், புள்ளியும் கொம்புமில்லாத மொட்டைச் சொற்கள் வரிசையாக நிற்கும். மாற்ற வேண்டியது ஒரு வரி:

```python
TfidfVectorizer(token_pattern=r"[\u0B80-\u0BFF]+")
```

இப்போது சொற்கள் முழுதாக வரும். ஆனால் மரம், மரத்தை, மரங்களில் மூன்றும் தனித்தனிச் சொற்களாக எண்ணப்படும். ஒரே கட்டுரையில் வந்த 'மரத்தோடு' என்ற உருவம், log(1000) என்று 3 எடை வாங்கிக் கரையானையே மிஞ்சிவிடும். எழுத்துப் பிழைகளும் அப்படியே, தப்பாக அடித்த சொல்லைப் போல அரிதானது வேறில்லை. எடை வரிசையில் பட்டியலின் உச்சியைப் பார்த்தால் இவைதான் குவிந்திருக்கும். `min_df=2` என்று கொடுத்தால் ஒரே ஆவணத்தில் வந்தவை கழிந்துவிடும். ஆனால் ஒரே கட்டுரையில் மட்டும் பேசப்பட்ட பூச்சியின் பெயரும் அதோடு போய்விடும், அதைத் தேடி வருபவருக்கு எதுவும் கிடைக்காது. வேற்றுமை உருபைக் களைந்து வேர்ச்சொல்லை எண்ணுவதே நல்ல வழி.